என்னிடம் தொட்டியே கிடையாது

பங்குனி வெயிலில் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் அடியில், தளம் வெடித்திருந்த கோட்டில், நாலு விரல் உயரத்துக்கு ஒரு மிளகாய்ச் செடி நின்றது. யாரோ வற்றல் காயவைத்தபோது சிந்திய விதையாக இருக்கும். பிடி மண் கூட அங்கே இல்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பில் வளர்கிறது டின்னில் வளராதா?

யார் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று மட்டும் அன்று யோசிக்கவில்லை.

காரைக்குடியில் மூன்று மாடி, ஆறு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. மேல் மாடியில் இரண்டு வீடு. ஒன்று எங்களுடையது, எதிர்வீடு டீச்சர் அக்காவுடையது. கல்லூரி முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த எனக்கு, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கடையில் எண்ணெய் டின் நாலு கேட்டு வாங்கி, வாயைக் குறுக்கே வெட்டி, அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டேன். ஓட்டை இல்லாத டின்னில் செடி வேரழுகிச் சாகும். ஓட்டை மேல் உடைந்த ஓட்டுச் சில்லு. பிறகு செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூள் சேர்த்தால் டின் கனக்காது, ஈரமும் நிற்கும். இவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

முதல் விதைப்பு முழுத் தோல்வி. பத்து நாள் கழித்தும் மண் வெறுமையாகவே கிடந்தது. டீச்சர் அக்கா மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“விதை எங்குட்டு எடுத்த?”

“அடுக்களையில இருந்த மிளகாய்லதான்க்கா.”

“எந்த மிளகா? மோர் மிளகாயா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“உப்புலயும் மோர்லயும் ஊறிக் காஞ்சதை விதைச்சிருக்கியே. முளைச்சா நேரா தயிர்சோத்துக்குத் தொட்டுக்கலாம்னு பாத்தியாக்கும்?”

அவரே செடியில் பழுத்துக் காய்ந்த குண்டு மிளகாய் இரண்டு கொடுத்தார். அந்த விதை ஒன்பதாம் நாள் முளைத்தது. ஆறு இலை வந்ததும் டின்னுக்கு ஒன்றாகப் பிரித்து நட்டேன். கொத்தமல்லி விதையைத் தரையில் வைத்துக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து விதைத்தேன், முழுசாகப் போட்டால் சோம்பேறித்தனம் பண்ணும். சந்தையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டு, தண்டைக் கணுவோடு மண்ணில் குத்தினேன். ஒரே வாரத்தில் தளிர் விட்டது. புதினாவுக்கும் மல்லிக்கும் மத்தியான வெயில் ஆகாது. அதற்குள் நாலு டின் பதினாலு ஆகியிருந்தது. எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம், செங்கல் மேல் அடுக்கினேன். டின்னுக்கு அடியில் பழைய தட்டு. காலையில் விரலை மண்ணில் ஒரு கணு அளவு விட்டுப் பார்ப்பேன், காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

அந்தப் பக்கம்தான் டீச்சர் வீட்டுக் கூரை.

வைகாசியில் அவர் வீட்டுக் கூடத்தில், உத்தரத்துக்குப் பக்கத்தில், தட்டு அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, கீழ்வீட்டில் இருக்கும் செக்ரட்டரி ஐயாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஐயாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். மறுநாள் படிக்கட்டுச் சுவரில் தாள் ஒட்டியிருந்தது: ‘மொட்டை மாடியில் உள்ள தொட்டிகளால் கட்டடத்தில் நீர் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்றவும்.’

மிளகாய் அப்போதுதான் மொட்டு வைத்திருந்தது. நேராகக் கீழே போனேன்.

“ஐயா, என்கிட்ட தொட்டியே கிடையாது. எல்லாம் டின்னு.”

“ஏத்தா, வக்கீலுக்குப் படிச்சியா நீயி? செடி வச்சா அது தொட்டிதான். கொத்தனாரே சொல்லிட்டாரு.”

“நீங்க மேல வந்து பாத்தீகளா?”

“எனக்கு முழங்கால் இருந்தா உன்கிட்ட ஏன் பேசிக்கிட்டு இருக்கேன்?”

“பத்து நாள் கொடுங்க. அத்தனை டின்னையும் எங்க வீட்டு மேலயே வைக்கிறேன். ஒழுகினா எங்க தலையில ஒழுகட்டும். நானே தூக்கிக் குப்பையில போட்டுர்றேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பத்து நாளுதான். பதினொண்ணாம் நாளு நான் கேக்கமாட்டேன், ஆளு வந்து எடுப்பான்.”

அம்மா திட்டினார். “ஊர் வம்பை எதுக்கு விலைக்கு வாங்குற? கொத்தமல்லி என்ன கடையில கிடைக்காமயா போச்சு?” கிடைக்கும்தான். ஆனால் செய்யாத குற்றத்துக்கு என் செடிகள் ஏன் கீழே இறங்க வேண்டும்? பதினாலு டின்னையும் ஒவ்வொன்றாகத் தூக்கி எங்கள் கூரைப் பக்கம் வைத்தேன். அங்கே நிழலே இல்லை. அம்மாவின் பழைய சேலையைக் கொடிக்கம்பியில் கட்டிப் பந்தல் போட்டேன். முன்பு ஊற்றிய அளவு குறையாமல் தண்ணீரும் ஊற்றினேன். குறைத்தால் சோதனை செல்லாது. வெயில் தாங்காமல் மூன்று மிளகாய்ச் செடிகள் மொட்டை உதிர்த்தன. தினமும் மாலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் ஈரத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டேன்.

பத்து நாளும் ஒரு சொட்டு மழை இல்லை. எங்கள் கூரை அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது. டீச்சர் வீட்டு ஈரமோ என் முதல் நாள் பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது.

பதினொன்றாம் நாள் இதைச் சொன்னதும் செக்ரட்டரி ஐயா கொத்தனாரை மறுபடி வரவழைத்தார். அவரை மாடிக்கு அழைத்துப் போய், என் டின்கள் முன்பு இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. வெடிப்பில் நின்ற அந்த முதல் செடியருகே குந்தினார். அது இப்போது முழங்கால் உயரம்.

“இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?”

“யாரும் இல்லையே.”

விரலால் வெடிப்பைத் தடவினார். விரல் நனைந்திருந்தது. தொட்டியின் பின்பக்கம், குழாய் சேரும் இடத்தில், சத்தமே இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் அன்னைக்கே சொன்னேனே, தொட்டி ஒழுகுதுன்னு. இந்தத் தொட்டியைச் சொன்னேன். அவுக எந்தத் தொட்டியை நினைச்சாக?”

எங்கள் பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த டீச்சர் அக்கா சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை. உதிர்ந்த மொட்டுகள் கண்ணில் நின்றன.

செக்ரட்டரி ஐயா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “கொத்தனாரு தெளிவாச் சொல்லியிருக்கணும்” என்றார். பிறகு, “அந்தப் புதினா கொஞ்சம் கிடைக்குமா, வயித்துக்கு நல்லதுங்கிறாக” என்றார். ஒரு பிடி கொடுத்தேன். அதற்கு முன், அவர் கண்ணெதிரிலேயே சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டேன்.

கொத்தனார் வெடிப்பைப் பூசுவதற்கு முன், அந்த முதல் செடியை வேரோடு நெம்பி எடுத்து ஒரு டின்னில் வைத்தேன். இரண்டு நாள் வாடி, மூன்றாம் நாள் நிமிர்ந்தது. ஆடியில் காய்த்தது. உதிர்த்த மூன்றும் மறுபடி பூத்தன. உங்கள் வீட்டு மாடியிலும் யாராவது செடி கூடாது என்று சொன்னால், முதலில் கூரையை அண்ணாந்து பாருங்கள், பிறகு டின்னைப் பாருங்கள்.

அறிவிப்புத் தாளை வெட்டி விதைப் பொட்டலம் மடித்துவிட்டேன். அதில் ஒன்றில் இப்போது அரியக்குடியில் ஒரு வீட்டு மரத்தடியில் பொறுக்கிய கறிவேப்பிலைப் பழங்கள் இருக்கின்றன. கருத்த பழமாகப் பார்த்து, சதையைக் கழுவி, விதை காய்ந்துபோவதற்குள் போட வேண்டும். அது மரம், மாடியில் வராது என்று அம்மா சொல்கிறார், டீச்சர் அக்கா சொல்கிறார், கொத்தனார் கூடச் சொல்கிறார். நாளைக் காலையில் விதைக்கப் போகிறேன். இந்த முறை டின் இல்லை. கடைக்குப் போய் நல்ல பெரிய மண் தொட்டியாகவே வாங்கி வந்திருக்கிறேன்.