இரண்டு தலை உயரம்

ஹட்டனில் படக்கடை வைத்திருக்கும் தனுஜாவிடம், தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்து ஓய்வு பெறும் கண்டாக்கு தரணிதரனின் முழு உருவப் படத்தைக் கொடுத்து, பிரியாவிடைக்கு வைக்கத் தலை பெருத்த சிபி பொம்மையாக வரையச் சொன்னார்கள் தோட்ட ஆபீஸ்காரர்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னால் கையை நீட்டி அவளுடைய அம்மா காளியாயியை ஏசி விரட்டியவர் அவர்தான். தனுஜா மறக்கவில்லை.

மொத்த உருவத்துக்கும் மூன்று தலை உயரம் வைத்தால் கொஞ்சம் மிடுக்கு மிஞ்சும். இரண்டே தலை வைத்தாள். பாதி உயரத்தைத் தலையே தின்றது. சட்டை மடிப்பு, பெல்ட், பேனா எல்லாவற்றையும் அழித்தாள். ஆள் அடையாளம் தெரியட்டும் என்று தொப்பியையும் மீசையையும் மட்டும் விட்டுவைத்தாள். நீட்டிய அந்தக் கையை விரலே இல்லாத உருண்டையாக்கினாள்.

பிரியாவிடையன்று ஆளுயர அட்டையில் அதைப் பார்த்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காளியாயி அட்டையின் கன்னத்தைக் கிள்ளி, கண்டாக்கின் காதுபடவே சொன்னாள்:

"இந்தப் பச்சப்புள்ளைக்கா நாங்க இம்புட்டு நாளா பயந்தோம்?"