கண்ணை மூடினாலும் ஓடும் கடிகாரம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். பாதி மறந்தும் போகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் திருப்பதி ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் கம்பெனி ஒன்று காலேஜுக்கே வந்து கம்ப்யூட்டரில் பரீட்சை வைத்தது. தேறினால் வேலை. தேறாவிட்டால் கல்யாணம், வேலூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தோம். "இந்த ஒரு பரீச்சதான்" என்று என் வீட்டுக்காரர், அவள் நைனா, சொல்லிவிட்டார். அவரும் நானும் சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் கூலி வேலை செய்தோம். அவர் பேச்சை நான் மறுத்ததில்லை.

எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் தலை குனிந்து ஜெபம் செய்துவிட்டுத்தான். பள்ளிப் பரீட்சையிலும் அவள் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்து, ஜெபித்த பிறகே திருப்புவாள். மூன்று மணி நேரப் பரீட்சையில் அந்தக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாது.

பரீட்சை முடிந்த அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"மூணு பாகம்மா. ஒவ்வொண்ணுக்கும் தனி டைம். டைம் ஆச்சுன்னா அது தானா மூடிக்கினு அடுத்தது வந்துடும்."

"விட்டுப்போனத கடசில போட்டிருக்கலாமே?"

"மூடுனதுக்குத் திரும்பிப் போவ முடியாதும்மா. நானும் கடசில பாத்துக்கலாம்னு நெனச்சிதான் ஏமாந்தேன்."

ஒவ்வொரு பாகம் திறந்ததும் அவள் கண்ணை மூடி ஜெபித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் திரையில் மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கணக்குப் பாகத்தில் முதல் கணக்கே வரவில்லையாம். இங்கிலீஷில் படித்து, பள்ளியில் படித்த தெலுங்கில் யோசித்து, தமிழில் எண்ணி, அதை விட மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். திரை ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெட்டி உண்டு. பதில் போட்டது பச்சை. திறந்தே பார்க்காதது வெள்ளை. பாகம் மூடும்போது ஒரு வரிசை முழுக்க வெள்ளையாக நின்றதாம்.

அவளுடன் ஹாஸ்டலில் இருந்த தெலுங்குப் பெண் தேறிவிட்டாள். இவள் தேறவில்லை.

"அவ சாமிக்குத் தேங்காய மல அடிவாரம் அலிபிரிலயே ஒடச்சிட்டு பரீச்சைக்குப் போயிட்டா. நீதான் டைம் ஓட உட்டுட்டு உள்ள உக்காந்து ஜெபம் பண்ற" என்றார் அவள் நைனா. சிரிப்பதற்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்த வெள்ளைப் பெட்டிகள் எங்கள் வீட்டில் குடியேறின. சோறு துன்னும்போது கை நின்றுவிடும். "அதுல என்ன இருந்துச்சோ. எனக்குத் தெரிஞ்சதாவே இருந்திருக்கும்மா" என்பாள். போட்டுத் தப்பான கணக்கு அவளுக்கு நினைவே இல்லை. பார்க்காத கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாம்பழம் அறுக்கும்போது எனக்கும் அதே நினைப்பு.

வேறொரு கம்பெனி திருப்பதியில் பரீட்சை வைப்பதாக அந்தத் தெலுங்குப் பெண் வந்து சொன்னாள். நான் அவள் நைனாவிடம் முதல் தடவையாக வாய் திறந்தேன்.

"இன்னொரு தடவ எழுதட்டும்."

அவர் என்னையே பார்த்தார். "கிறிஸ்மஸ் போவட்டும்னு வேலூருக்குச் சொல்லிடறேன்" என்றார்.

தெலுங்குப் பெண்தான் பழக்கினாள். முதலில் தெரிந்ததை எல்லாம் போடு. வராததை விட்டுத் தாண்டு. அந்தப் பாகம் மூடுவதற்குள் திரும்பி வா. ஒரு பாகத்தில் மிச்சமாகும் நேரம் அடுத்ததற்கு வராது, அதனால் சீக்கிரம் முடித்துவிட்டோம் என்று பாகத்தை மூடும் பட்டனை அழுத்தாதே.

பரீட்சையன்று நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே, ஆட்டோக்காரர்கள் பார்க்கப் பார்க்க, இருவரும் தலை குனிந்து நின்றோம். மூன்று பாகத்துக்கும் சேர்த்து அங்கேயே ஜெபித்தோம்.

வெளியே வந்தவள் மெதுவாகத்தான் பேசினாள். "இங்கிலீஷ் சீக்கிரம் முடிஞ்சிடுச்சி. அழுத்திட்டு கணக்குக்குப் போவலாம்னு கை போச்சும்மா. புடிச்சிக்கினு அங்கயே ஒக்காந்து மறுபடி பாத்தேன். கணக்குலயும் எல்லாத்தயும் பாத்துட்டேன். ஒண்ணும் வெள்ளயா இல்ல."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உள்ள கண்ணயே மூடல. தப்பாம்மா?" என்றாள்.

பஸ் வந்துவிட்டது என்றேன்.

வேலை கிடைத்தது. பெங்களூர் போய்விட்டாள். வேலூர்க்காரர்கள் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் கோயிலில் "ஜெபிப்போம்" என்றதும் எல்லாத் தலையும் குனியும்போது என் கண் மூட மாட்டேன் என்கிறது. சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது. போன தடவை லீவுக்கு வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணும் திறந்தே இருந்தது. என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டாள்.

அந்தப் பரீட்சையை நான் கண்ணால் பார்த்ததில்லை. பாகம் மூடுவதையும் மிச்ச நேரத்தையும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். எழுதிய பிள்ளைகள் யாராவது படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். அவளிடம் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.