கூட வர ஒரு ஆள்

வலைக்கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, நடுவில் தொய்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார். தொய்யவில்லை. இருந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். ஆட்கள் வரும்வரை சும்மா நின்றால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியாது. அந்த ஷட்டில் அரங்கில் சனிக்கிழமைக் கோஷ்டி அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘நெட்டு’தான்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பத்தாவது மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் உச்சியில் ஏறி நின்று வேலை பார்ப்பார், பயம் கிடையாது. நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்குள் நுழைய வேண்டும் என்றால்தான் வாசலிலேயே நின்றுவிடுவார். வேலை மாறி இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மகளின் பள்ளிப்படிப்பு முடியட்டும் என்று மனைவி பழைய ஊரிலேயே இருக்கிறார். இங்கே தினம் ஒரு கட்டடம், தினம் ஒரு காவலாளி. முகம் பழகுவதற்குள் லிஃப்ட் சரியாகிவிடும்.

அரங்கில் சேர்ந்தது மனைவியின் நச்சரிப்பால். முதல் சில மாதங்கள், ஆட்டம் முடிந்த கையோடு மட்டையை உறையில் போட்டுக்கொண்டு, “வேல இருக்கு, வரட்டுமா?” என்று கிளம்பிவிடுவார். ஒரு வேலையும் இருக்காது. மற்றவர்கள் எதிர்க்கடையில் டீ குடிப்பார்கள். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது என்று இவர் தயங்கினார்; ஓடுகிற ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் இவருடைய ஜோடி ஒரு பஸ் டிரைவர். வாய் ஓயாத மனிதர். அவர்தான் ஒருநாள் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். “என்ன நெட்டு, எப்பப் பாத்தாலும் ரயிலப் புடிக்கிற மாதிரி ஓடுறீங்க? உக்காருங்க, டீ ஆறுது.”

உட்கார்ந்தார். அன்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்தடுத்த வாரங்களில் ஆளுக்கு எவ்வளவு சர்க்கரை என்பது தெரிந்தது. பிறகு யார் வீட்டில் என்ன தொல்லை என்பதும் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் போகாதபோது டிரைவர் போன் செய்தார். “உடம்புக்கு என்ன? இங்க வலை கட்டத் தெரியாம ஆளாளுக்கு முழிக்கிறோம்.” இதை மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார்.

அப்புறம்தான் கழிப்பறையில் இரத்தத்தைப் பார்த்தார். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மயக்க ஊசி போடுவதால், வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் செய்ய மாட்டார்கள். குறித்த நாளில் தனியாகவே போய், “ஃப்ரெண்டு கீழ வண்டிய நிறுத்திட்டு இருக்காரு” என்று புளுகினார்.

“வரட்டும். அவரப் பாத்துட்டுத்தான் ஊசி” என்றார் நர்ஸ்.

முந்தைய நாளெல்லாம் பேதி மருந்து குடித்து ஓய்ந்துபோயிருந்தவர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

“நான் கெளம்பி வரவா? மகளுக்குப் பரீட்சை வேற” என்றார் மனைவி போனில். “ஏங்க, அந்த ஊர்ல ஒரு ஆள் கூடவா இல்ல?”

“இருக்காங்க. இதெல்லாம் கேக்குற அளவுக்குப் பழக்கமான்னுதான் தெரியல.”

“கேட்டாத்தானே தெரியும்?”

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் இறகுப்பந்தை விட்டுவிட்டுக் காற்றையே அடித்தார். டீக்கடையில் டம்ளரைப் பார்த்தபடியே விஷயத்தையும் மறுபடி குறித்திருக்கும் நாளையும் சொல்லி முடித்தார்.

“செவ்வாக்கெழமையா? எனக்கு ட்யூட்டியாச்சே” என்றார் டிரைவர்.

இவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். “பரவால்ல, பரவால்ல, நான் வேற ஏற்பாடு...”

“அட, இருங்க. எனக்கு முடியலேன்னா ஊர்ல யாருக்குமே முடியாதா?” டிரைவர் பெஞ்சின் மறுகோடிக்குக் குரல் கொடுத்தார். “யோவ் பேக்கரி! செவ்வாக்கெழம பகல்ல தூங்கத்தானே போற?”

இரவெல்லாம் ரொட்டி சுடுகிறவர் அவர். இவரோடு பழக்கம் தலையசைப்போடு சரி.

“ஆஸ்பத்திரி நாற்காலிலயும் தூக்கம் வரும்” என்றார் பேக்கரிக்காரர். “எத்தன மணிக்கு?”

திங்கட்கிழமை இவர் பொறுக்க மாட்டாமல், ‘சிரமம்னா வேணாம்’ என்று செய்தி அனுப்பினார். ‘ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க’ என்று பதில் வந்தது. எட்டு மணிக்கே போய் வாசலில் நின்றார். வருகிற ஒவ்வொரு வண்டியும் அவர் வருகிற வண்டியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் தாண்டிப் போனது. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால், முழங்கையில் மாவு காய்ந்திருக்க, பேக்கரிக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

குடலில் இருந்த இரண்டு சின்னக் கட்டிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். அரைமயக்கத்தில் இவருக்கு எதுவும் ஏறவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் பேக்கரிக்காரர்தான் கேட்டுக்கொண்டு, டாக்ஸியில் ஒப்பித்தபடி வந்தார். “இன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. ரத்தம் வந்தா உடனே போன் பண்ணணும். சாயந்தரம் வரைக்கும் ஒரு ஆள் கூட இருக்கணுமாம்.”

“நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்” என்றார் இவர், வீட்டுக்குள் நுழைந்ததும்.

“ஒங்களுக்குக் கூறே இல்லையா? படுங்க.”

படுத்தார். கட்டிகளின் பரிசோதனை முடிவு என்ன சொல்லுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் குறட்டை கேட்டது. நாற்காலியில் கால் நீட்டி, வாய் பிளந்து, பேக்கரிக்காரர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் அவர் கண்மேல் விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடிச் சன்னலுக்குப் போய், சத்தமில்லாமல் திரையை இழுத்து மூடினார்.