நூறு எம்.பி. இடத்தில் கவிழ்ந்த தேவநேசன்

"கம்ப்யூட்டருக்குள்ள எனக்குத் தெரியாத மூலை கிடையாது. இருபது வருஷத்துல ஒரு மனுசன்ட்ட 'இது என்ன'ன்னு நான் கேட்டதில்ல. கேக்கப்போறதுமில்ல."

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தேவநேசன், டீக்கடையில் விடுத்த பிரகடனம் இது. எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லை. இருந்த இரண்டு பேரும் அவரிடம் லேப்டாப் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்.

அவர் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. எந்த வேலைக்கு வந்த மெஷினானாலும், கடைசியில் டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலைத் திரையில் திறந்து, சி, டி என்று எழுத்து இல்லாத துண்டுகளை அழித்துவிடுவார். பேர் இல்லாதது குப்பை என்பது அவர் சித்தாந்தம். பழைய மெஷின்கள் பல இந்தச் சித்தாந்தத்தைத் தாங்கிக்கொண்டன.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்லூரி ஆசிரியை யுவராணி வந்திருந்தார். லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன.

"அண்ணாச்சி, லினக்ஸ் இனி வேண்டாம், எடுத்துருங்க. விண்டோஸ்ல கைவைக்காதீங்க. என் ஆராய்ச்சியோட கடைசி ரெண்டு அத்தியாயம் அதுலதான் இருக்கு, வேற எங்கயும் காப்பி இல்ல. நாளைக்கழிச்சு ஒப்படைக்கணும்."

"போயிட்டு சாயங்காலம் வாங்க டீச்சர். துடைச்சு வைக்கேன்."

லினக்ஸ் இருந்த பெரிய துண்டு ஒரே தட்டில் போயிற்று. பிறகுதான் டிஸ்க்கின் முன்பக்கம் இன்னொரு துண்டு கண்ணில் பட்டது: நூறு எம்.பி., எழுத்து இல்லை. 'இ.எஃப்.ஐ. சிஸ்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. லினக்ஸின் மிச்சம்தான் என்று முடிவு கட்டினார். வலது பக்கம் சொடுக்கினால் அழிக்கும் வசதி மங்கிக் கிடந்தது. வேறொருவராக இருந்தால் இங்கே யோசித்திருப்பார். தேவநேசனோ இதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். கறுப்புத் திரையைத் திறந்து, கட்டாயப்படுத்தி அழிக்கும் கட்டளையை அடித்தார். அழிந்தது. மெஷினை அணைத்து மறுபடி போட்டார்.

துவக்க எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. விண்டோஸையும் காணோம்.

வெயில் ஏறிய மத்தியானம். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. தேவநேசனுக்கு உடம்பெல்லாம் அசதி. விண்டோஸ் பென்டிரைவ் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டு, "டிஸ்க் செத்துப்போச்சு டீச்சர்" என்று சொல்லிவிடலாம். நாற்பத்தெட்டு வயதில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பென்டிரைவைச் செருகினார். அழிக்கவா என்று திரை கேட்டது. இரண்டு அத்தியாயம் என்று அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. சீ, என்று பென்டிரைவைப் பிடுங்கினார். லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விஜியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. "பொடிசு வச்ச பொடிக்கடை" என்று தேவநேசன் ஊரெல்லாம் கேலி பேசிய கடை. அவர் லேப்டாப்பை மேசையில் வைத்தார்.

"பாரு," என்றார். கேள்வி அல்ல, கட்டளை. இருபது வருஷச் சாதனை இன்னும் முறியவில்லை.

விஜி பார்த்தார். "ஏண்ணே, இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை அழிச்சிட்டீகளா? அழிக்க விடாதே அது!"

"விட வச்சேன். லினக்ஸை எடுக்கச் சொன்னாக."

"உங்க கெட்டிக்காரத்தனம்! மெஷினைத் துவக்குற வாசல் அது. விண்டோஸ் போட்டா பெரும்பாலும் நூறு எம்.பி.தான். சில டிஸ்க்ல இருநூத்தறுபது, லினக்ஸ் முதல்ல போட்டா ஐநூறு, ஒரு ஜி.பி.கூட வரும். ரெண்டு சிஸ்டம் இருந்தாலும் இந்த ஒரு வாசல்தான். உள்ள ஆளுக்கொரு ஃபோல்டர், சண்டையில்லாம இருக்கும். நீங்க லினக்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்திருந்தா முடிஞ்சுது. நீங்க வாசலையே பேத்துட்டீக."

"டீச்சர் எழுதுனது?"

"அது வீட்டுக்குள்ள அப்படியே கெடக்கு. லினக்ஸ் தவிர வேற எதையும் அழிக்கலைல்ல?"

"இல்ல," என்றார் தேவநேசன், மிக மெதுவாக.

விஜி பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பி, காலியாகக் கிடந்த அதே இடத்தில் நூறு எம்.பி.யில் புது இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் போட்டு, அதற்கு வேண்டிய ஃபேட் முப்பத்திரண்டு வகையில் ஃபார்மட் செய்தார். விண்டோஸின் துவக்கக் கோப்புகளை அதில் எழுத ஒரு கட்டளை. மறுபடி போட்டதும் விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தது. இரண்டு அத்தியாயமும் இருந்தன. தேவநேசன் திறந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. அவ்வளவு நல்ல எழுத்தை அவர் வாசித்ததே இல்லை.

சாயங்காலம் ராஜபாளையம் கடையில் யுவராணி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, "சிரமம் இல்லியே அண்ணாச்சி?" என்றார்.

"சின்ன வேலை."

அடுத்த வாரம் சோழபுரம் பேச்சிமுத்துவின் மெஷின் மேசைக்கு வந்தது. சடங்குக்காக டிஸ்க்கைத் திறந்தார். டிஸ்க்கின் கடைசியில் ஒரு துண்டு: அறுநூறு எம்.பி., எழுத்து இல்லை. விரல் பட்டனுக்குப் போனது, நின்றது. கடையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. போனை எடுத்தார்.

"விஜி, செத்த நேரம் இருக்கா? கடைசியில அறுநூறு எம்.பி.ல ஒண்ணு கெடக்கு..." குரலைத் தாழ்த்தினார். "இது என்ன?"