இல்லாத கம்பெனிக்கு நானூறு ஷாஃப்ட்

தேதியம்மா என்றால்தான் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சரக்கு எந்தத் தேதியில் கேட்டைத் தாண்டும் என்று சொல்வது அவருடைய வேலை. நான் ஸ்டோர் கீப்பர். இரும்புக் கம்பியை வாங்கி அடுக்கி, சீட்டு வந்தால் எடுத்துக் கொடுப்பவன். என் கம்பிவலை ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய மேஜை. பதினைந்து வருடமாக அவருடைய முகம் காலையில் எப்படி இருந்து மாலையில் எப்படி ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே அசதியாக இருக்கும்.

நாங்கள் செய்வது பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட். லேத்தில் கடைந்து, உலையில் காய்ச்சி இறுக வைத்து, தீட்டி அனுப்ப வேண்டும். லேத் ஆறு இருக்கிறது. தீட்டுகிற மெஷின் நாலு இருக்கிறது. உலை ஒன்றே ஒன்று. ஒரு லோடுக்கு நூறு ஷாஃப்ட், மூன்றரை மணி நேரம். இரண்டு ஷிப்ட் ஓட்டினாலும் வாரத்துக்கு இருபத்தைந்து லோடுதான். தலைகீழாக நின்றாலும் இருபத்தாறு ஆகாது. இது பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். தேதியம்மாவுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்த மனிதருக்கு மட்டும் புரியவில்லை. வந்த ஆர்டரையெல்லாம் அந்த வாரத்திலேயே எழுதி, முப்பத்தைந்து லோடு போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். காகிதத்துக்கு வயிறு நிறையாது, உலைக்கு நிறையும். மிச்சப் பத்து லோடு அடுத்த வாரத்தின் தலையில் விழும், அது அதற்கடுத்த வாரத்தின் தலையில். ஒரு தேதிகூட நிற்காது.

தேதியம்மா வந்ததும் கம்ப்யூட்டரில் உலைக்கு எல்லை கட்டினார். இருபத்தைந்து நிறைந்தால் அடுத்த ஆர்டர் தானாகவே அடுத்த வாரத்துக்குப் போய்விடும். எட்டு வாரத்துக்கு எது, எத்தனை, எப்போது என்று ஒரு பெரிய திட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். முதல் இரண்டு வாரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினார்.

கையெழுத்து இருந்து என்ன பயன்? வாரம் தவறாமல் மூன்று, நான்கு ரஷ் ஆர்டர் வரும். "பெரிய பார்ட்டி, நாளன்னிக்கே வேணும்" என்று சேல்ஸ்காரர்கள் வந்து நிற்பார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்களே, அது இங்கே சட்டம். நிறைந்த திட்டத்துக்குள் ஒரு லோடைச் செருகினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் நகரும். வேறு ரக இரும்பு என்றால் வெப்பத்தையும் மாற்ற வேண்டும், அதில் இரண்டு மணி நேரம் வீண்.

அதனால் இருபத்தொரு லோடு மட்டும் நிரப்பி, நாலு லோடைக் காலியாக வைக்க வேண்டும் என்றார் தேதியம்மா. மேனேஜர் ஒப்பவில்லை. "லட்சக்கணக்குல கொட்டி வாங்கின ஃபர்னஸை சும்மா வைக்கச் சொல்றீங்களா?" என்றார். காலி இடம் கண்ணில் பட்டால் சேல்ஸ்காரர்கள் சாதாரண ஆர்டரையே அதில் திணித்துவிடுவார்கள், பிறகு ரஷ் வரும்போது இடம் இருக்காது. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோன பிறகுதான் தேதியம்மா ஒரு காரியம் செய்தார்.

கம்ப்யூட்டரில் ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கினார். பெயர் கிழக்கு பம்புகள். அந்தப் பெயரில் வாரா வாரம் நானூறு ஷாஃப்டுக்கு ஓர் ஆர்டர், அதாவது நாலு லோடு. பார்க்கிறவர்களுக்கு உலை நிறைந்திருக்கும். ரஷ் ஆர்டர் வந்தால் கிழக்கு பம்புகளில் நூறைக் குறைத்து அந்த இடத்தில் அதைப் போடுவார். வாரக் கடைசியில் மிச்சம் இருப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவார். பட்டறைக்குச் சீட்டு மட்டும் போகாது. திட்டத்தில் ஆர்டர் இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் அதற்கும் இரும்பு வாங்கச் சொல்லி எனக்குக் கேட்பு அனுப்பும். நான் அதை அடித்துவிடுவேன். இதை அறிந்தது அவரும் நானும் மட்டும். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது. நூறு தேதி சொன்னால் தொண்ணூற்றைந்து நின்றது. மேனேஜருக்கு மேலிடத்தில் கேடயம் கொடுத்தார்கள்.

தேதியம்மாவின் மகள் ரயிலில் ஒரு பகல் போகும் தூரத்தில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு இவர் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். முந்தின நாள் மூன்று ரஷ் ஆர்டர் வந்தது. "முடிச்சிட்டுப் போங்களேன்" என்றார் மேனேஜர். முடித்துவிட்டுப் போனபோது குழந்தைக்கு ஒன்பது நாள். மகள் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. இதைச் சொல்லும்போது தேதியம்மா அழமாட்டார், பேனாவைத் திறந்து திறந்து மூடுவார்.

இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டார். கிடைத்தது. அவர் இடத்தில் உட்கார, புகார்ப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். நாற்பது வயது, பசுவைப் போன்ற மனிதர். சரக்கு வராதவர்களின் ஏச்சையெல்லாம் எட்டு வருடமாகத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு மனம் இளகிப் போனவர். தேதியம்மா அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார், கிழக்கு பம்புகள் கம்பெனியே கிடையாது என்பதைத் தவிர. அது மேனேஜர் காதுக்குப் போய்விடும் என்று பயம். "ரஷ் ஏதாவது வந்தா இந்தக் கிழக்கு பம்புகளைக் குறைச்சிக்கோங்க. அவங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அங்கேதான் தவறு நடந்தது.

திங்கட்கிழமை காலை புகார்க்காரர் என் ஜன்னலுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"சார், இந்தக் கிழக்கு பம்புகளைப் பாத்தீங்களா? பதினோரு வருஷமா இவங்க ஆர்டரைத் தள்ளிக்கிட்டே வந்திருக்கோம். ஒரு ஷாஃப்ட் கூட போகல. ஒரு போன் நம்பர் கூட வாங்கி வைக்கல."

"அவங்க அவசரப்படல சார், விடுங்க" என்றேன்.

"அவசரப்படலன்னா பசிக்கலன்னு அர்த்தமா? கத்துறவனுக்கே எல்லாத்தையும் கொடுத்தா, கத்தாதவன் எங்க போவான்? இந்த வாரம் முதல் வேலையே அவங்களுதுதான்."

எனக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் கையில் சீட்டு இருந்தது. நானூறு ஷாஃப்டுக்கான இரும்பு. முறையான சீட்டு. இரும்பு இல்லை என்று சொல்ல முடியாது, வாசலிலேயே அடுக்கியிருந்தது. "நாளைக்குத் தரேன்" என்று ஒரு நாள் இழுத்தேன். மறுநாள் லேத்காரர்கள் வேலை இல்லாமல் நின்றார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யாரிடம் சொல்வது? புகார்க்காரரிடம் சொன்னால், ஊசி விழுந்தாலும் மேனேஜரிடம் ஓடுகிறவர் அவர். மேனேஜரிடம் போனால் அவர் செய்யும் முதல் வேலை தேதியம்மாவுக்கு போன் போடுவதுதான். தேதியம்மாவிடமே நான் சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார். எந்தக் கதவைத் தட்டினாலும் அவருடைய லீவுதான் உடையும்.

புதன்கிழமை காலையில் உலைக்குள் கிழக்கு பம்புகளின் முதல் லோடு போனது. அன்றைக்கே இரண்டு ரஷ் ஆர்டர் வந்தது. குறைப்பதற்கு இடம் ஏது? புகார்க்காரர் வழக்கமான ஆர்டர்களைத் தள்ளினார். வியாழக்கிழமை இன்னொரு ரஷ், அது வேறு ரக இரும்பு. வெப்பம் இறங்கும்வரை உலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து தேதிகள் தவறிவிட்டன. அதில் ஒன்று, எட்டுப் பேரை வைத்துச் சின்னதாக பம்பு செய்பவருடையது. ஷாஃப்ட் இல்லாமல் அவர் இரண்டு நாள் பட்டறையைப் பூட்டி வைத்தார். போனில் திட்டக்கூட இல்லை. "சரிங்க, வந்ததும் சொல்லுங்க" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு அசிங்கமாக இருந்தது. அந்த நாலு லோடு உலைக்குள் போகாமல் இருந்திருந்தால் அவருடைய சரக்கு நேரத்துக்குப் போயிருக்கும்.

சனிக்கிழமை நானூறு ஷாஃப்டும் தீட்டி, எண்ணெய் பூசி, பெட்டி கட்டி டெஸ்பாட்ச் வாசலுக்கு வந்தன. லாரிக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட்ரஸ் எங்கண்ணா? எங்க கொண்டு போய் இறக்கறது?"

புகார்க்காரர் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார். பழைய கோப்புகளைப் புரட்டினார். பாவம், வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "திங்கக்கிழமை அம்மா வந்ததும் கேட்டுக்கலாம், பெட்டி என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டிகளைப் பின்பக்கம் தள்ளிவைத்தேன்.

திங்கட்கிழமை காலை தேதியம்மா வந்தார். பையை மேஜையில் வைத்தார், சுவரில் இருந்த திட்டத்தைப் பார்த்தார், உட்காரவில்லை. அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். புகார்க்காரரும் உள்ளே இருந்தார். நானும் பெட்டிக் கணக்கோடு போனேன்.

"யாரும்மா இந்தக் கிழக்கு பம்புகள்? அஞ்சு பார்ட்டிக்கு சரக்கு போகல, இவங்களுக்கு நானூறு செஞ்சு வெச்சிருக்கோம். அட்ரஸே இல்ல!"

தேதியம்மா பொய் சொல்லவில்லை. "அப்படி ஒரு கம்பெனி இல்ல சார். நீங்க காலியா வைக்க விடாத நாலு லோடு அது" என்றார். பதினோரு வருடக் கதையையும் சொன்னார். குரல் உயரவில்லை. புகார்க்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்காக அவர் அப்படி மனம் நொந்தாரோ, அந்தக் கம்பெனியே இல்லை என்று கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

மேனேஜர் குதித்தார். இரும்பு ஒன்றும் வீணாகவில்லை, நன்றாக ஓடும் ரகம்தான், ஆறு வாரத்தில் விற்றுவிடும், போனது உலையின் நேரம் மட்டும்தான் என்று நான் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. கிழக்கு பம்புகளை அன்றைக்கே அழிக்கச் சொன்னார். இனி இருபத்தைந்தும் உண்மையான ஆர்டராக இருக்க வேண்டும் என்றார். கடைசியாக, "நீங்க ஒரு வாரம் இல்லன்னா இங்க இந்தக் கதி. இனிமே லீவு கேட்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க" என்றார்.

பதினோரு வருடத்தில் தொண்ணூற்றைந்து தேதி எப்படி நின்றது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் தேதியம்மா என் ஜன்னலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"போன திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும். இரும்பை எடுத்துக் கொடுத்ததே நீங்கதான்."

"ஆமாம்மா."

"அந்தச் சின்னப் பட்டறைக்காரருக்கு நான் வாய் வார்த்தை கொடுத்திருந்தேன் அண்ணா. ரெண்டு நாள் எட்டுப் பேருக்கு வேலை இல்ல. ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கு ராத்திரியே வந்திருப்பேனே!"

"வந்திருப்பீங்க. அதனாலதான் பண்ணல."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

"புதன்கிழமை காலையில பொறந்தா. பொண்ணு" என்றார். "எடுத்து முதல்ல என் கையிலதான் கொடுத்தாங்க."

அப்போது அவருடைய மேஜையில் தொலைபேசி அடித்தது. சேல்ஸ்காரராகத்தான் இருக்கும். தேதியம்மா உடனே திரும்பவில்லை. நாலு தடவை அடிக்க விட்டுவிட்டு, பிறகு போய் எடுத்தார்.