கண்ணாடி ஏற்காத விரல்

மேடவாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பணியாளர் பிரிவை அப்போது நான் கவனித்துவந்தேன். வார்டுகளைச் சுத்தம் செய்ய கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வருவார். ஓராண்டுத் தற்காலிகப் பணி முடிந்து அவர் நிரந்தரமாக வேண்டிய மாதத்தில்தான், வாசலில் புதிதாக வைத்த வருகைப்பதிவு இயந்திரம் அவர் விரலை மறுக்கத் தொடங்கியது. அடையாளம் தெரியாத விரலை அது யார் பெயரிலும் எழுதாது. ஒன்பது நாள் உழைத்தவருக்கு ஒன்பது நாளும் ஆப்சென்ட். நிரந்தரமாக்குவதற்குத் தலைமை அலுவலகம் பார்ப்பதோ இயந்திரம் தரும் அறிக்கையை மட்டும்தான்.

"கையில அழுக்கு இருக்கும், கழுவிட்டு வைம்மா" என்று முதல் நாளே சொன்னவள் நான். இன்றும் அது உறுத்துகிறது. அவர் சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடைக்கத் துடைக்க, விரல் வறண்டு கோடுகள் வெளுத்தன. பிறகு குற்றம் விரல் வைக்கும் கண்ணாடியில்தான் என்று தீர்மானித்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் அதையும் தேய்த்துவிட்டார். மறுநாள் நர்சுகளே மூன்று முறை விரல் வைக்க வேண்டியிருந்தது.

பல்லாவரத்திலிருந்து வந்த மெக்கானிக் செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மேடம், சென்சார தோசைக்கல்லு மாதிரி தேச்சு வெச்சிருக்கீங்க?"

"நான்தாண்ணா" என்றார் அந்தப் பெண், குரல் இறங்கி. "பளிச்சுனு இருந்தா அதுக்குக் கண்ணு தெரியும்னு நெனச்சேன்."

"கண்ண நோண்டிட்டு கண்ணு தெரியும்ன்றியே!" என்று சிரித்தவர் உடனே யோசனையில் ஆழ்ந்தார். கீறலால் எல்லோருக்கும் தாமதமாகிறது. ஆனால் அடியோடு மறுக்கப்படுவது இவர் மட்டும், அதுவும் கீறலுக்கு முன்பிருந்தே. ஈரத்துணியில் விரலை ஒற்றச் சொல்லிப் பார்த்தார். மறுப்புத்தான். கண்ணாடிப் பகுதியையே மாற்றினார். நர்சுகளின் விரல்கள் உடனே பதிந்தன, இவருடையது இல்லை. கடைசியாக, அதே விரலை வேறொரு பணியாளர் எண்ணில் புதிதாகப் பதிந்து சோதித்தார். முதல் தொடுதலிலேயே ஏற்றுக்கொண்டது.

"வெரலு நல்லாத்தான் கீது. உள்ள இருக்கற பழைய பதிவுதான் கெட்டுப்போச்சு. நடுவுல கரண்டு போச்சா?"

போயிருந்தது. மாதத் தொடக்கத்தில், பழைய இயந்திரத்திலிருந்து பதிவுகளை இதற்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றதை நானே பார்த்தேன். அரைகுறையாக எழுதப்பட்டது இவருடைய பதிவாக இருந்திருக்க வேண்டும். மெக்கானிக் அதை அழித்து, அந்தப் பெண்ணின் இரு கை விரல்களையும் அவருடைய பழைய எண்ணிலேயே புதிதாகப் பதிந்தார்.

பழுதைப் பற்றி மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய சீட்டையும், வார்டு டியூட்டி நோட்டில் அந்த ஒன்பது நாளும் அந்தப் பெண் போட்ட கையெழுத்துகளின் நகலையும் அன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆப்சென்ட் நீங்கியது; பணி நிரந்தர உத்தரவும் வந்தது.

காகிதத்தை இருமுறை படித்தவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நாளைக்கு நெஜமாவே ஒரு நாள் லீவு போட்டுக்கட்டுமாக்கா?"

நான் லீவு படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.