கடல்நீர் ஊற்றிய சாஃப்ட்னர்

எனக்குப் பயம் தாமதமாகத்தான் வரும். கோபம் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். அந்தப் பகலில் மட்டும் முறை மாறியது. பாய்லர் அறையில் அந்த மனிதரின் கை பம்ப் சுவிட்சை நோக்கி நீண்டதைப் பார்த்தபோது, கோபப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரிலிருந்து இறங்கிக் கடல் பக்கம் போகும் சாலையில் ஒரு பெரிய சலவைக்கூடம். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். இஸ்திரி உருளைகளுக்கு நீராவி கொடுக்க மணிக்கு ஐந்நூறு கிலோ பாய்லர் ஒன்று இருந்தது. டீசலில் எரியும். அதை நிறுவியது நான். தண்ணீரைக் கணக்கிட்டுச் சாஃப்ட்னரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

சாஃப்ட்னர் என்பது ஒரு குழாய்த் தொட்டி. உள்ளே ரெசின் மணிகள். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிரம்பிவிட்டால் உப்புக்கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். மறுபடி வேலை செய்யும். ஊருக்கு வரும் அணைத் தண்ணீரின் கடினம், அதாவது சுண்ணாம்பின் அளவு, லிட்டருக்கு அறுபது மில்லிகிராம். நாளுக்கு நாலாயிரம் லிட்டர் செலவு. இருபத்தைந்து லிட்டர் ரெசின் போட்டேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை நான்கு கிலோ உப்பு போதும். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று இரண்டு மாதம் வரும். கணக்கு கச்சிதமாக இருந்ததில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் கோடையில் அணை வற்றியது. கிணற்றுத் தண்ணீரை டேங்கரில் கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். அது எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை. கடினம் நானூற்று இருபது! அதே ரெசினால் மூவாயிரம் லிட்டரைக்கூட முழுசாகத் தாக்குப்பிடிக்க முடியாது. காலை ஆறுக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கை விரித்துவிடும். இதை நான் அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். உரிமம் பெற்ற ஆபரேட்டர். அவரை நான் 'நீ' என்றுதான் அழைப்பேன். அவர் என்னைச் 'சார்' என்பார். தப்பென்று அன்று தோன்றவில்லை.

டேங்கர் வரத்தொடங்கிய ஆறாம் நாள் அவர் வந்து நின்றார். "சார், உப்பு காலிங்க. ஒரு மூட்டை சொல்லிவிடுங்க."

போன வாரம்தான் புது மூட்டை பிரித்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெண்டு மாசம் வர்ற மூட்டை ஆறு நாள்ல காலியா? வீட்ல ஊறுகாய் போடக் கொண்டு போறியா?"

"இல்லைங்க சார். டெஸ்ட் தண்ணி மதியமே செவப்பா வருதுங்க. அதான் தினம் ரெண்டு தடவை..."

நான் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. இஸ்திரி மேசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் குரலை இன்னும் உயர்த்தினேன். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான், தெரியும்ல? அடுத்த சரக்கு ஜஹாஸ் ஜெட்டிக்கு வர்ற வரைக்கும் ஒரு மணி உப்பு கிடையாது. இருக்கிறத வச்சு ஓட்டு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் உப்புப் பேச்சே எழவில்லை. ஆளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தினப்பதிவு நோட்டிலும் கடினப் பரிசோதனைக்கு நேராக 'நீலம், நீலம்' என்றே இருந்தது. சோதனைத் துளியை விட்டால் தண்ணீர் நீலமானால் சரி, சிவந்தால் சுண்ணாம்பு தப்பி வருகிறது என்று அர்த்தம். நோட்டைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் இஸ்திரிப் பகுதியிலிருந்து குறை வந்தது. விரிப்புகள் உருளையை விட்டு வெளியே வரும்போதும் ஈரமாக இருந்தன. ஓரங்களில் பழுப்புத் திட்டுகள். ஒரு பெண் ஒரு மூலையை என் முன்னால் நீட்டி, "தேகியே சார், கறை புடிச்ச மாதிரி" என்றாள். நீராவியோடு பாய்லர்த் தண்ணீரும் கலந்து வருகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனேன். முதலில் புகைபோக்கி வெப்பமானியைப் பார்த்தேன். எப்போதும் இருநூற்றுப் பத்தைச் சுற்றி நிற்கும் முள் இருநூற்று எழுபதைத் தாண்டி நின்றது. எரியும் வெப்பம் தண்ணீருக்குள் போகாமல் புகையோடு வெளியே ஓடுகிறது. பாய்லருக்குள் புகை ஓடும் குழாய்களின் மேல் சுண்ணாம்பு படிந்தால்தான் அப்படி ஆகும்.

"சாம்பிள் எடு" என்றேன்.

ஆறவைத்த பாய்லர்த் தண்ணீரில் மீட்டரை நனைத்தேன். மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டக்கூடாது என்று பலகையில் எழுதி வைத்திருந்தேன். எண் ஏறிக்கொண்டே போய் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. அதற்கு மேல் அந்த மீட்டருக்குக் காட்டத் தெரியாது.

அப்போதுதான் எனக்குக் கணக்கு ஓடியது. சாஃப்ட்னர் சுண்ணாம்பை மாற்றுமே தவிர, கரைந்த உப்பைக் குறைக்காது. அணைத் தண்ணீரில் கரைந்த உப்பு நூற்றிருபது. நூறு லிட்டர் ஆவிக்கு நான்கு லிட்டரை அடிவால்வில் வெளியேற்றினால் போதும். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் அறுநூறு. நூறுக்கு இருபது லிட்டருக்கு மேல் வெளியேற்ற வேண்டும். பலகையில் நான் எழுதியிருந்ததோ ஷிஃப்டுக்கு இரண்டு தடவை, பத்து நொடி. அவர் நான் எழுதியபடியே, ஒரு நொடி கூடவோ குறையவோ இல்லாமல் செய்திருந்தார்.

மட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் நுரைத்துக் குதித்தது, உலையில் அரிசி பொங்குவது போல. எது மட்டம், எது நுரை என்று சொல்லமுடியவில்லை. அடுத்த நிமிடம் நுரை அடங்கியது. கண்ணாடியில் எதுவுமே இல்லை. நிரம்பியிருந்தாலும் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், காலியாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கிப் பம்ப் தானாக ஓட வேண்டும். இன்னும் குறைந்தால் பர்னர் தானாக அணைய வேண்டும். பம்ப் ஓடவில்லை. பர்னர் எரிந்துகொண்டிருந்தது. மிதவையைச் சேறு பிடித்துக்கொண்டிருக்கும் என்று மூளை சொல்வதற்குள், அவர் "ஐயோ, பாணி கம்மிங்க, தண்ணியே காணோம்" என்றபடி பம்ப் சுவிட்சுக்குத் தாவினார்.

தண்ணீர் வற்றிச் சிவந்த இரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று படித்திருக்கிறேன். படங்களில் கூரை இல்லாத கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் சுவிட்சிலிருந்து ஒரு சாண் தொலைவில் அவர் விரல்கள். அவருக்குப் பின்னால் ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கப்பால் பன்னிரண்டு பெண்கள்.

"தொடாதே!" என்று கத்தினேன். அது என் குரலாகவே இல்லை. அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்ததில் தோள்பட்டைத் தையல் பிரிந்தது. பர்னர் சுவிட்சை நான் அணைத்தேன். தீயின் இரைச்சல் நின்றது. அந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது.

கண்ணாடியின் வடிகால் குழாயைத் திறந்தேன். ஆவி மட்டும் சீறியது. மூடினேன். தண்ணீர் கண்ணாடிக்குத் திரும்பி வரவேயில்லை. ஆக, காலிதான். எவ்வளவு காலி என்று தெரியாது. பாதுகாப்பு வால்வையும் தொடவில்லை, எதையுமே தொடவில்லை. "பாஹர்! எல்லாரும் வெளிய போங்க!" என்று இஸ்திரிப் பகுதியில் கத்தினேன். விரிப்புகளைப் போட்டது போட்டபடி பெண்கள் சாலைக்கு ஓடினார்கள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம், ஒரு மதிற்சுவருக்குப் பின்னால் நானும் அவரும் உட்கார்ந்தோம். அழுத்தம் மெல்ல இறங்க வேண்டும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு இரும்புச் சத்தத்துக்கும் இருவரும் தலையைக் குனிந்தோம். மனைவிக்குப் போன் செய்யலாமா என்று யோசித்து, என்ன சொல்வது என்று தெரியாமல் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"உப்பு இல்லாம எப்படி ஓட்டின?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடல் தண்ணிங்க சார். ஜெட்டி பாறையில கேன்ல மொண்டு ஸ்கூட்டர்ல கொண்டாந்தேன். அதுவும் உப்புதானுங்களே."

பதினைந்து நாளாக! நான்கு பக்கமும் கடல் இருக்கும் தீவில் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் கடலில் உப்பு மட்டுமா இருக்கிறது? சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடவே இருக்கின்றன. அதைக்கொண்டு கழுவினால் மணிகள் அரைகுறையாகத்தான் தெளியும். கடினம் முதல் லிட்டரிலிருந்தே கசியும். சரியாக அலசாவிட்டால் மிச்சக் கடலும் பாய்லருக்குள் போகும்.

"டெஸ்ட்ல நீலம்னு எழுதியிருக்கியே?"

"ஊதாவா வந்துச்சுங்க. சில நாள் செவப்புதான். நீலம்னு எழுதிட்டேன்."

மறுநாள் பாய்லர் ஆறியபின் ஆள் நுழைவதற்கான மனிதத்துளையைத் திறந்தோம். டார்ச்சை உள்ளே நீட்டினேன். குழாய்கள் எல்லாவற்றின் மேலும் முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளைப் படிவம். மிதவை அறையை விரலால் வழித்தால் சாம்பல் நிறச் சேறு. தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. மேல்வரிசைக் குழாய்களுக்கு நான்கு விரல் கீழே. அந்த வரிசை மட்டும் நீலம் பாய்ந்து, நடுவில் தொய்ந்திருந்தது.

அதற்கப்புறம் நூறு லிட்டர் ரெசினில் இரட்டைச் சாஃப்ட்னர் போட்டேன். ஒன்று கழுவப்படும்போது மற்றது ஓடும். பலகையில் நொடிகளை அழித்துவிட்டு, மீட்டர் காட்டும் எண்ணுக்கு ஏற்ப வால்வைத் திறக்க எழுதி வைத்தேன். அவற்றையெல்லாம் எந்த ஆளும் செய்வான்.

மனிதத்துளையைத் திறந்த அன்று டார்ச்சை அவரிடமும் கொடுத்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது உதடு வெளுத்திருந்தது.

"நான் பம்ப்ப போட்டிருந்தா சார்?"

"நாம ரெண்டு பேருமே இருந்திருக்க மாட்டோம்" என்றேன். "தண்ணி கம்மியானா முதல்ல பர்னரை அணைக்கணும்னு உங்களுக்குத் தெரியும்தானே? லைசென்ஸ் பரீட்சையில முதல் கேள்வியே அதுதானே?"

"தெரியுங்க சார்" என்றார். "பர்னரை அணைச்சா இஸ்திரி நின்னுரும். நீங்க பக்கத்துலயே நின்னீங்க. திட்டுவீங்கன்னு நெனச்சேன்."